ஒரு பேஸ் போனாலும் நிற்காத மோட்டார்

தமிழ்நாட்டில் வயலுக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்பதைப் பல ஊர்களில் விவசாயி முடிவு செய்ய முடியாது. இந்த வாரம் பகலில் வரும், அடுத்த வாரம் பின்னிரவில் வரும். அதற்காகக் கண் விழித்துக் காத்திருக்க முடியாது என்பதால் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கரண்டு வந்தால் மோட்டார் தானே ஓடும், போனால் தானே நிற்கும். இந்த ஏற்பாட்டில் யாரும் எதிர்பார்க்காத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. மூன்று பேஸில் ஒன்று மட்டும் போய், மற்ற இரண்டும் இருப்பது.

முழுக் கரண்டும் போனால் மோட்டாருக்கு எந்தக் கேடும் இல்லை. ஒரு பேஸ் மட்டும் போனால்தான் ஆபத்து. காரணம், அப்போது மோட்டார் நிற்பதில்லை. கொஞ்சம் முனகிக்கொண்டே தொடர்ந்து ஓடும், தண்ணீரும் வரும். உள்ளே காயில் சூடேறிக்கொண்டிருக்கும். காலையில் வயலுக்கு வருபவர் பார்ப்பது வார்னிஷ் கருகிய நாற்றத்தைத்தான். இதைத் தடுக்கத்தான் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. எஸ்.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அது பெட்டிக்குள் இருந்தும் மோட்டார் எரிந்த கதைகள் நிறைய. ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு பேஸில் மோட்டார் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பேஸில் என்ன நடக்கிறது?

மூன்று பேஸும் சரியாக இருக்கும்போது, மோட்டாரின் காயில்களில் கரண்டு ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தை அடைகிறது. அதனால் உள்ளே ஒரு காந்தப்புலம் சுழல்கிறது, அது நடுவிலுள்ள ரோட்டரை இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. ஒரு பேஸ் போய்விட்டால் அந்தச் சுழற்சி கலைந்துவிடும். மிஞ்சிய இரண்டு கம்பிகளுக்கு இடையே ஒரே ஒரு வோல்டேஜ்தான் இருக்கும். அது உண்டாக்கும் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, எந்தப் பக்கம் சுற்றுவது என்ற திசை அதற்கு இல்லை.

நின்றிருக்கும் மோட்டாரை அதனால் கிளப்ப முடியாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை அது தொடர்ந்து ஓட்டும். மிதிகட்டை நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நகராது. ஓடுகிற சைக்கிளோ அந்த நிலையைத் தன் வேகத்தாலேயே கடந்துவிடும். மோட்டாரும் அப்படித்தான்.

வேலை மட்டும் குறையவில்லை. பம்பு இறைக்கும் தண்ணீர் ஏறத்தாழ அதேதான். மூன்று கம்பிகள் வழியே வந்த சக்தி இப்போது இரண்டு கம்பிகள் வழியாகவே வர வேண்டும். அதனால் அந்த இரண்டிலும் கரண்டு குறைந்தது 1.73 மடங்காக ஏறும். மோட்டாரின் வேகம் சற்றுக் குறைவதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஓவர்லோடு ரிலே ஏன் தப்பவிடுகிறது?

கரண்டு இவ்வளவு ஏறினால் ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே அணைத்துவிடாதா? விவசாயிகள் பலரின் நம்பிக்கை அதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்று தெரியும்.

கிணற்றில் 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகட்டில் 7.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. காயில்கள் டெல்டா முறையில் இணைக்கப்பட்டவை. கிணற்றில் தண்ணீர் மேலே இருப்பதால் இப்போது 6 ஆம்பியர்தான் இழுக்கிறது. டெல்டாவில் கம்பியில் வரும் கரண்டு இரண்டு காயில்களுக்குப் பிரியும் என்பதால், ஒவ்வொரு காயிலிலும் ஓடுவது சுமார் 3.5 ஆம்பியர். முழுச் சுமையிலும்கூட ஒரு காயில் தாங்க வேண்டியது 4.3 ஆம்பியர்தான்.

மஞ்சள் பேஸ் போய்விட்டது. சிவப்பு, நீலம் இரண்டிலும் கரண்டு 6-லிருந்து 10.4 ஆம்பியராக ஏறுகிறது. இது மூன்று காயில்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் நேராக இணைந்திருக்கும் ஒரு காயில், மொத்தக் கரண்டில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 6.9 ஆம்பியரைத் தாங்குகிறது. மற்ற இரண்டு காயில்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்துவிடுவதால் அவற்றில் பழையபடி 3.5 ஆம்பியர்தான். கம்பியில் கரண்டு 1.73 மடங்கானபோது, அந்த ஒற்றைக் காயிலில் அது இரண்டு மடங்காகிவிட்டது. சூடு கரண்டின் இருமடியாக ஏறுவது. எனவே அந்தக் காயிலில் உண்டாகும் சூடு முன்பிருந்ததைப் போல நான்கு மடங்கு. காயில் நிரந்தரமாகத் தாங்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டாலும் இரண்டரை மடங்கு.

ரிலேக்கு இந்தக் காயில் தெரியாது. அது கம்பியில் வரும் கரண்டை மட்டுமே பார்க்கிறது. ரிலேயை 7.5 ஆம்பியரில் வைத்திருந்தால் 10.4 என்பது அதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். சில நிமிடங்களில் அது அணைத்துவிடும், மோட்டார் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் கோடையில் வோல்டேஜ் 350-க்கு இறங்கும் நாட்களில் மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரண்டு இழுக்கும். ரிலே அடிக்கடி அணைக்கும். எரிச்சலில் யாரோ அதன் திருகை 10 ஆம்பியருக்குத் திருப்பிவிட்டுப் போகிறார்கள். இப்போது 10.4 என்பது வைத்த அளவைவிட வெறும் 4 சதவீதம் அதிகம். இவ்வகை ரிலேக்கள் அந்த அளவுக்குப் பல மணி நேரமானாலும் அணைக்காதபடி செய்யப்பட்டவை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. காயில் கருகுகிறது.

மோட்டாரே சொல்லும் பொய்

இனி எஸ்.பி.பி.க்கு வருவோம். ஒரு பேஸ் போனால் அந்தக் கம்பியில் வோல்டேஜ் இருக்காது. அதைப் பார்த்து அணைத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். பெட்டியின் முகப்பில் மூன்று விளக்குகளை வைத்து, மூன்றும் எரிந்தால் சரி என்று நம்புவதும் இதே எண்ணத்தில்தான். இரண்டு காரணங்களால் இது ஏமாற்றிவிடும்.

முதல் காரணம் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரே. இரண்டு பேஸில் சுற்றும்போதும் அதன் ரோட்டரில் காந்தம் இருக்கிறது. அது மூன்றாவது காயிலைக் கடந்து சுற்றும்போது, அந்தக் காயிலில் தானே வோல்டேஜை உண்டாக்குகிறது. சுமை குறைவாக இருந்தால் அது முழு வோல்டேஜை நெருங்கியும் நிற்கும். ஃபியூஸ் போன கம்பியின் இந்தப் பக்கம் டெஸ்டரை வைத்தால் எரியும், முகப்பு விளக்கும் எரியும். அதே லைனில் பக்கத்துக் காட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், அதுவும் போன பேஸுக்கு இப்படி வோல்டேஜ் ஊட்டும். “டெஸ்டர் எரியுதே, மூணு பேஸும் இருக்கே” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிவது மோட்டார் தயாரித்த வோல்டேஜ்.

இரண்டாவது காரணம் டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. நம் ஊர் டிரான்ஸ்பார்மர்களின் 11,000 வோல்ட் பக்கம் டெல்டாவிலும், நமக்கு வரும் பக்கம் ஸ்டாரிலும் சுற்றப்பட்டிருக்கும். மேல்பக்கத்து ஹெச்.ஜி. ஃபியூஸ் ஒன்று போனால், கீழே ஒரு பேஸ் முழுதாகக் காணாமல் போவதில்லை. நியூட்ரலோடு அளந்தால் ஒரு பேஸில் 240 வோல்ட்டும் மற்ற இரண்டில் சுமார் 120 வோல்ட்டும் வரும். வீடுகளில் சில பல்புகள் பிரகாசமாகவும் மற்றவை மங்கலாகவும் எரிவது இதன் அடையாளம். அந்த மங்கிய இரண்டு பேஸ்களுக்கும் இடையே அளந்தால் வோல்டேஜ் ஏறத்தாழ பூஜ்யம். மோட்டாரைப் பொறுத்தவரை இதுவும் ஒற்றைப் பேஸ்தான். ஆனால் டெஸ்டர் மூன்றிலும் எரியும்.

ஆகவே ஒரு நல்ல எஸ்.பி.பி. “வோல்டேஜ் இருக்கிறதா, இல்லையா?” என்று பார்ப்பதோடு நிற்காது. மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று சமமாக, சரியான இடைவெளியில், சரியான வரிசையில் வருகின்றனவா என்று ஒப்பிடும். மோட்டார் தானே தயாரிக்கும் வோல்டேஜ், அளவிலும் இடைவெளியிலும் உண்மையான பேஸிலிருந்து விலகியே இருக்கும். அந்த விலகலைத்தான் கருவி பிடிக்கிறது. பிடித்ததும் ஸ்டார்ட்டரின் நோ வோல்ட் காயிலுக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்கும். கான்டாக்டர் விலகி, மோட்டார் நிற்கும். காற்றடித்துக் கம்பிகள் ஒரு நொடி உரசுவதற்கெல்லாம் அணைக்காமல் இருக்க, சில விநாடிகள் பொறுத்துப் பார்ப்பதும் அதன் அமைப்பிலேயே உண்டு.

எஸ்.பி.பி. இல்லாத சாதாரண ஸ்டார்ட்டரில், நோ வோல்ட் காயில் பெரும்பாலும் ஏதாவது இரண்டு பேஸ்களுக்கு இடையில்தான் இணைந்திருக்கும். அந்த இரண்டில் ஒன்று போனால் கான்டாக்டர் விழ வாய்ப்பு உண்டு. மூன்றாவது பேஸ் போனால் அதற்குத் தெரியவே தெரியாது.

கருவி எங்கே பார்க்கிறது?

மேலே சொன்னது வோல்டேஜைப் பார்க்கும் வகை. கடைகளில் அதிகம் கிடைப்பதும் அதுதான். அதற்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. மோட்டார் கிளம்புவதற்கு முன்பே பேஸ் குறைவதைக் கண்டு, கிளம்பவே விடாது. ஆட்டோவில் விட்டிருக்கும் மோட்டாருக்கு இது உயிர் போல முக்கியம். இரண்டு பேஸில் கிளம்ப முயன்று சுற்றாமல் நிற்கும் நம் 5 எச்.பி. மோட்டார் 40 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அப்போது ஒற்றைக் காயிலில் ஏறும் கரண்டு, அது தாங்கக்கூடியதைப் போல ஆறு மடங்கு. சூடு 36 மடங்கு. ஓவர்லோடு ரிலே சில விநாடிகளில் அணைக்கலாம். ஆனால் அது தானே ரீசெட் ஆகும்படி வைக்கப்பட்டிருந்தால், ஆறியதும் ஆட்டோ மறுபடி கிளப்பும், ரிலே மறுபடி அணைக்கும். இரவு முழுவதும் இது நடந்தால் காயில் மிஞ்சாது. ஆட்டோ வைத்திருப்பவர்கள் ரிலேயைக் கையால் அழுத்தி ரீசெட் செய்யும் நிலையில்தான் வைக்க வேண்டும்.

வோல்டேஜ் வகைக்கு ஒரு குறையும் உண்டு. அது தான் இணைந்திருக்கும் இடத்துக்கு முன்னால் நடப்பதை நன்றாகப் பார்க்கும். பின்னால் நடப்பதைப் பார்க்க இயலாது. லைன் கம்பி, மின்கம்பத்து ஜம்பர், மெயின் ஃபியூஸ் ஆகியவை அதற்கு முன்னால் இருப்பவை. கான்டாக்டரின் ஒரு பாயிண்ட் தேய்ந்து கருகிப்போவது, கேபிள் உள்ளே அறுவது, போர்வெல்லுக்குள் நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் ஜாயிண்ட்டில் ஒரு கம்பி விட்டுப்போவது ஆகியவை பின்னால் நடப்பவை. அப்போது உள்ளே வரும் மூன்று பேஸும் நலமாகவே இருக்கும். எஸ்.பி.பி.யின் பச்சை விளக்கும் எரியும். மோட்டாருக்குப் போவது மட்டும் இரண்டு.

இதைப் பிடிப்பது கரண்டைப் பார்க்கும் வகை. மோட்டாருக்குப் போகும் கம்பிகள் சிறு வளையங்கள் வழியே நுழைந்து செல்லும். ஒவ்வொன்றிலும் ஓடும் கரண்டைக் கருவி ஒப்பிடும். ஒன்றில் குறைந்து மற்றவற்றில் ஏறினால் அணைத்துவிடும். பழுது டிரான்ஸ்பார்மரில் இருந்தாலும் சரி, 500 அடி ஆழத்துக் கேபிளில் இருந்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். ஆனால் கரண்டு ஓடத் தொடங்கிய பிறகே அதனால் எதையும் பார்க்க முடியும். கிளம்புவதற்கு முன் எச்சரிக்க இயலாது.

ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்வதால், இரண்டும் சேர்ந்திருப்பதே முழுப் பாதுகாப்பு. இப்போது வரும் டிஜிட்டல் பேனல்கள் பலவற்றில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. வாங்கும்போது கடைக்காரரிடம் “சிங்கிள் பேஸ் பாதுகாப்பு இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காமல், “வோல்டேஜை வைத்தா, கரண்டை வைத்தா, இரண்டையுமா?” என்று கேளுங்கள். திறந்த கிணற்று மோட்டாரில் பழுதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிடலாம். நீர்மூழ்கி மோட்டார் எரிந்தாலோ, காயில் கட்டும் கூலிக்கு முன்பாகக் குழாய்களை மேலே இழுக்கும் செலவு வந்து நிற்கும். போர்வெல் வைத்திருப்பவர்களுக்குக் கரண்டைப் பார்க்கும் வகை கட்டாயம் தேவை.

கருவி இருந்தும் எரிவது

பல மோட்டார் அறைகளில் எஸ்.பி.பி. சுவரில் இருக்கும், வேலையில் இருக்காது. அதன் இரண்டு கட்டுப்பாட்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்து விட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், “அது மோட்டாரை எடுக்கவே விடல” என்பார்கள். அது எடுக்க விடாததற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

அடிக்கடி நேர்வது பேஸ் வரிசை மாறுவது. லைனில் வேலை செய்யும்போது இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால், மூன்று பேஸும் முழுதாக இருந்தும் கருவி மறுக்கும். அது சரியே. அந்த நிலையில் ஓடினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், தண்ணீர் குறையும். மெயின் சுவிட்ச்சுக்கு உள்ளே வரும் கம்பிகளில் இரண்டை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிப் போட்டால் கருவியும் ஏற்கும், மோட்டாரும் நேராகச் சுற்றும். பேஸ்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் அதிகமாக இருப்பது மற்றொரு காரணம். பேஸுக்குப் பேஸ் அளந்து குறித்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் சொல்ல வேண்டிய பழுது அது.

மூன்றாவது, இருமுனை மின்சாரம் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டும் பழக்கம். கன்டென்சர் மூன்றாவது பேஸைப் போன்ற ஒன்றை உருவாக்குகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு கன்டென்சரின் அளவு ஒரு குறிப்பிட்ட சுமைக்குத்தான் பொருந்தும். கிணற்றில் தண்ணீர் ஏறி இறங்க, மோட்டாரின் சுமை மாறும், காயில்களின் சமநிலை குலையும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படி ஓட்ட வேண்டுமானால் எஸ்.பி.பி.யை நீக்கியாக வேண்டும். நீக்கிய கருவி மும்முனை மின்சாரம் வரும் நேரத்திலும் காவலுக்கு இல்லாமல் போகிறது.

சரிபார்ப்பது எப்படி?

உங்கள் எஸ்.பி.பி. உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மோட்டாரை நிறுத்தி, ஆட்டோவை விலக்கி, மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். மெயினில் இருக்கும் மூன்று ஃபியூஸ் கேரியர்களில் ஒன்றைக் கழற்றி வையுங்கள். மெயினைப் போட்டு ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை ஒரு நொடி மட்டும் அழுத்துங்கள். கான்டாக்டர் பிடிக்கவே கூடாது. பிடித்து மோட்டார் முனகினால் உடனே அணையுங்கள். கருவி வேலை செய்யவில்லை அல்லது ஒயரால் தாண்டப்பட்டிருக்கிறது. இதேபோல் மூன்று ஃபியூஸ்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்த பிறகே கேரியரில் கை வைக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது ஃபியூஸை உருவினால் தீப்பொறி முகத்தில் அடிக்கும். ஓட்டத்தில் சோதிக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஓடும் மோட்டாரில் சந்தேகம் வந்தால் வோல்டேஜை நம்பாதீர்கள், கரண்டைப் பாருங்கள். டாங் டெஸ்டரை மோட்டாருக்குப் போகும் ஒவ்வொரு கம்பியிலும் மாட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஒன்றில் பூஜ்யமும் மற்ற இரண்டில் தகட்டில் உள்ளதைவிட அதிகமும் காட்டினால், அது ஒற்றைப் பேஸ். பேஸ் இருப்பதுபோல நடிக்க வோல்டேஜால் முடியும். அறுந்த கம்பியில் கரண்டு ஓட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மோட்டார் எரிந்துவிட்டால், காயில் கட்டும் பட்டறையில் பழைய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பம்பு மோட்டார்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுச் சுற்றும் வகை. அவற்றில் காயில்கள் ஆறு குழுக்களாக இருக்கும். டெல்டா மோட்டாரில் எதிரெதிராக இருக்கும் இரண்டு குழுக்கள் மட்டும் கருகி, மற்ற நான்கும் புதிதுபோல இருந்தால் அது பேஸ் போனதால் எரிந்தது. ஸ்டார் மோட்டாரில் கணக்கு தலைகீழ்: நான்கு கருகும், இரண்டு தப்பிக்கும். ஆறும் ஒரே மாதிரி கருகியிருந்தால் காரணம் வேறு. குறைந்த வோல்டேஜ், தண்ணீரில்லாமல் ஓடியது, பம்பு இறுகியது போன்றவற்றைத் தேட வேண்டும்.

பேஸ் போனதுதான் காரணம் என்று தெரிந்தால், புதுக் காயிலோடு மோட்டாரை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பேஸ் எங்கே விட்டது என்று டிரான்ஸ்பார்மரிலிருந்து மோட்டார் வரை தேடிப் பிடிக்க வேண்டும். ரிலேயின் திருகைத் தகட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருப்ப வேண்டும். எஸ்.பி.பி.யின் முனைகளில் துண்டு ஒயர் இருந்தால் அதைக் கழற்ற வேண்டும். இவற்றைச் செய்யாமல் மாட்டினால், பழைய காயிலை எரித்த அதே பழுது புதிய காயிலையும் எரிக்கும்.